ஆறா, அறுபதா: தொலைந்த பையில் கிடைத்த சீட்டைப் படியெடுத்த ஓர் இரவு

ரயில் நிலையமொன்றின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் நடந்த நிகழ்வு இது. இரவுப் பணியில் இருந்த எழுத்தர், பையின் உரிமையாளர், அவருடைய குடும்பத்தார் ஆகியோரின் பெயர்களும் ஊர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. புதிதாக இரவுப் பணிக்கு வருவோருக்குப் பயிற்சி தருகிறவன் என்ற முறையில் எழுத்தரின் பதிவேட்டையும் அவர் எடுத்த படியையும் வைத்து இதை எழுதுகிறேன்.

பின்னணி

கடைசி ரயில் காலியான பிறகு பெட்டிகளைத் துப்புரவு செய்பவர்கள் கண்டெடுக்கும் பொருள்கள் இரவுப் பணியாளரிடம் வந்து சேரும். குடை, சாப்பாட்டுப் பாத்திரம், கண்ணாடிக் கூடு போன்றவற்றை அட்டை கட்டி அடுக்கில் வைத்தால் போதும். பையாக இருந்தால், உரிமையாளரைக் கண்டறிய உதவும் தாள் ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதையும் தனியாகத் திறக்கக் கூடாது. காவலாளி ஒருவர் உடன் நிற்க, எடுக்கும் பொருளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே திறக்க வேண்டும்.

கையெழுத்துச் சீட்டு கிடைத்தால் அதைப் படித்துப் பதிவேட்டில் படியெடுப்பதும் வழக்கம். உரிமையாளர் தொலைபேசியில் அழைத்து, பையில் இன்னது இருந்தது என்று சொல்லும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படி பயன்படும். இதற்கு எந்த வழிமுறையும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. அவரவர் தமக்குத் தெரிந்தபடி எழுதினார்கள். பெரும்பாலான சீட்டுகள் கடைக்கு எழுதிய பட்டியலாகவோ முகவரியாகவோ இருக்கும். அவற்றில் ஒரு சொல் பிசகினாலும் யாருக்கும் தீங்கு வராது. அதனால் வழிமுறை இல்லாதது ஒரு குறையாகவே யாருக்கும் தோன்றவில்லை.

பை

இரவு 11.20-க்குத் துணிப்பை ஒன்று வந்தது. எழுத்தரும் காவலாளியும் சேர்ந்து திறந்தார்கள். ஒரு சால்வை, மூக்குக் கண்ணாடி, பாதி காலியான தண்ணீர் புட்டி, சிறிய ஜிப் உறையில் ஓர் இன்சுலின் பேனாவும் சில ஊசி முனைகளும் இருந்தன. அடையாள அட்டையோ மருத்துவமனைக் கோப்போ கைப்பேசியோ இல்லை. பையின் அடியில், புட்டிக்குக் கீழே நசுங்கி, கோலிக்குண்டளவு சுருண்டு கிடந்தது ஒரு தாள்.

பேனாவைப் பார்த்ததும் எழுத்தர் அதைக் குளிர்பெட்டியில் வைக்க எண்ணினார். பயன்படுத்தத் தொடங்கிய பேனாவுக்கு அது தேவையில்லை. பெரும்பாலான இன்சுலின் வகைகளை, திறந்த பிறகு 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுமார் நான்கு வாரம் வெளியிலேயே வைத்திருக்கலாம். உறைந்துபோனால்தான் கெட்டது, பிறகு அதைப் பயன்படுத்தவே கூடாது. அலுவலகக் குளிர்பெட்டியோ பழையது, உள்சுவரில் பனி படியும். பேனாவின் உறையிலேயே சேமிப்பு வெப்பநிலை அச்சிட்டிருந்ததைக் காவலாளி காட்டியதால் அது மேசை இழுப்பறையில் தங்கியது.

சீட்டைப் பிரித்தல்

சுருண்ட தாளைப் பிரிப்பதற்கு முன்பே அது இருந்த நிலையை எழுத்தர் படம் எடுத்துக்கொண்டார். பிறகு வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி, மடிப்பு எந்தப் பக்கம் இளகுகிறதோ அந்தப் பக்கமாகவே பிரித்தார். இரு மூலைகளைப் பிடித்து இழுத்தால் மடிப்பு முனைகளில் தாள் கிழியும். அங்கேதான் இழைகள் ஏற்கெனவே ஒடிந்திருக்கும்.

பிரித்த தாளை விரலால் தேய்த்து நீவவில்லை. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் இந்த நிகழ்வில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பந்துமுனைப் பேனாவின் மை தாளின் மேற்பரப்பில் படிந்திருப்பது. எழுதிய பிறகு தாள் கசங்கினால், மடிப்பு விழுந்த கோட்டில் மை உதிர்ந்து மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். அதைத் தேய்த்தால் மிச்சமிருக்கும் மையும் போகும். இஸ்திரி போடுவதும், ஈரப்படுத்தி விரிப்பதும், பின்புறம் பசைநாடா ஒட்டுவதும் இதைவிட மோசம். மை எந்த வகை என்று தெரியாத தாளில் தண்ணீர் படவே கூடாது. ஜெல் பேனாவாக இருந்தால் ஊறிப் பரவிவிடலாம். எழுத்தர் தாளின்மேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, அதன்மேல் பதிவேடு ஒன்றைச் சற்று நேரம் ஏற்றி வைத்தார். தாள் முழுக்கத் தட்டையாகவில்லை, ஆனால் படிக்க முடிந்தது.

பிறகு மேசை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைத் தாளின் மட்டத்துக்கே தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தார். அப்படிப் பிடித்தால் மேடும் பள்ளமும் நிழலாக எழும்பி வரும். பந்துமுனைப் பேனா தாளில் தடம் பதிக்கும். மை உதிர்ந்த இடத்திலும் தடம் இருந்தால் எழுத்து தெரியும். தாளைத் திருப்பினால் அந்தத் தடம் மேடாகத் தட்டுப்படும். இந்தச் சீட்டில் தடம் நன்றாகவே ஆழமாக இருந்தது. மடியிலோ மெத்தையிலோ வைத்து எழுதியிருக்க வேண்டும்.

படி

எழுத்தர் பதிவேட்டில் எழுதியது இது. தொலைபேசி எண்ணை மட்டும் இங்கே மறைத்திருக்கிறேன்.

1. புது அளவு
2. காலை 14 யூனிட் சாப்பாட்டுக்கு முன்
3. (அடித்தது: இரவு 10)
4. இரவு 6[0 அல்லது ஆங்கில யூ எழுத்து; உறுதியில்லை]
5. பழய சீட்டு பாக்க வேண்டாம்
6. வெள்ளி ரத்தம் வெறும வயிறு
7. (தொலைபேசி எண், ஏழாவது இலக்கம் படிக்க முடியவில்லை)

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வரிகள் சீட்டில் இருந்தபடியே பிரிந்திருக்கின்றன. அடித்த வரி விடப்படவில்லை. ‘பழய’, ‘பாக்க’ என்பவை திருத்தப்படவில்லை. ‘வெறும’ என்பதில் மகரத்துக்குப் புள்ளி இல்லை. எழுத்தர் தாமாகப் புள்ளி வைக்கவில்லை. விரைவாக எழுதும் பலர் புள்ளியை விட்டுவிடுவார்கள், படிப்பவர் மனத்திலேயே வைத்துக்கொள்வார். படியெடுப்பவர் அதைச் செய்யத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. புள்ளியைத் திருத்தும் கை அடுத்த வரியில் எண்ணையும் திருத்தும்.

ஐயத்துக்குரிய இடத்தைச் சதுர அடைப்புக்குள் இட்டது அவராகக் கண்டுபிடித்ததல்ல. கல்லூரியில் கல்வெட்டுப் பாடம் படித்தவர் அவர். கல்வெட்டுப் பதிப்புகளில் சிதைந்த எழுத்துகளைச் சதுர அடைப்புக்குள் தருவது நெடுங்கால வழக்கம். கிரேக்க, லத்தீன் சாசனங்களையும் பாப்பிரஸ் ஏடுகளையும் பதிப்பிப்போர் 1931-இல் லெய்டன் நகரில் கூடி இத்தகைய குறியீடுகளை ஒழுங்குபடுத்தினார்கள். அவர்கள் முறையில் ஐயமான எழுத்தின் கீழே ஒரு புள்ளி இடுவதும் உண்டு. தமிழுக்கு அது சரிப்படாது என்பது என் எண்ணம். கையெழுத்தில் கீழ்வரியின் தலைக்கு மேல் நிற்கும் அந்தப் புள்ளி மெய்யெழுத்துப் புள்ளியாக மாறிவிடும். அடைப்பே நல்லது.

படிக்குக் கீழே, தனிக் கட்டத்தில், எழுத்தர் தம் ஊகம் ஒன்றை எழுதியிருந்தார். ‘காலை’ என்ற சொல்லில் லையை எழுதியவர், இன்று நாம் எழுதுவதுபோல் முன்னால் ஐகாரக் குறி போடவில்லை. எழுத்தின் தலையிலிருந்து வளைத்து இறக்கும் பழைய வடிவத்தைப் போட்டிருந்தார். தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது லை, ளை, ணை, னை ஆகியவற்றின் அந்த வடிவங்கள் பாடநூல்களிலிருந்து விலகின. ஆகவே எழுதியவர் அதற்கு முன்பு எழுதப் பழகியவராக இருக்கலாம், செவிலியராக இருக்க வாய்ப்புக் குறைவு, பையின் உரிமையாளரே எழுதியிருக்கக் கூடும் என்பது ஊகம். படியில் இதை அவர் கலக்கவில்லை. சரியான முடிவு அது. எழுதியவர் யார் என்று நாம் நினைத்துக்கொண்டுவிட்டால், அவர் என்ன எழுதியிருப்பார் என்றும் நினைக்கத் தொடங்கிவிடுவோம்.

நான்காம் வரி

இந்த நிகழ்வு முழுவதும் நான்காம் வரியின் கடைசிக் குறியைப் பற்றியதுதான். ஆறு என்ற இலக்கம் தெளிவாக இருந்தது. அதை அடுத்து, தாளின் விளிம்பை ஒட்டி நெருக்கி எழுதிய ஒரு வளைவு. அது பூஜ்யமாக இருந்தால் இரவு அளவு 60. ‘யூனிட்’ என்பதற்குப் பதிலாகப் போட்ட ஆங்கில யூ எழுத்தாக இருந்தால் அளவு 6. மேல்புறம் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதொன்றே வேறுபாடு. கசங்கலின் மிகக் கூரிய மடிப்பு அந்த மேல்புறத்தின் வழியாகவே போயிருந்தது.

எழுத்தர் பார்த்தவற்றைப் பதிவேடு சொல்கிறது. வளைவின் இடப்பக்கக் கை மடிப்பைத் தொடுகிறது. வலப்பக்கக் கை மடிப்புக்குச் சற்றுக் கீழேயே மெலிந்து நிற்கிறது. பூஜ்யத்தை மடிப்பு அறுத்திருந்தால் இரு கைகளும் மடிப்பு வரை முழுத் தடிமனில் வந்து, மடிப்புக்கு அப்பால் ஒரு சிறு வில்லாவது மிஞ்சியிருக்க வேண்டும். அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மடிப்பில் தாளின் இழைகள் பிய்ந்து, வெள்ளைக் கோடு அந்த இடத்தில் அகலமாகவே இருந்தது. சிறிய பூஜ்யத்தின் உச்சி அந்த அகலத்துக்குள் முழுதாக அடங்கிவிடலாம். பின்புறம் தடவிப் பார்த்தால் இரு பக்கக் கைகளின் மேடு தெரிந்தது. உச்சியில் மடிப்பின் மேடே எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது.

அடுத்து அதே கையெழுத்தின் மற்ற பூஜ்யங்களோடு ஒப்பிட்டார். அடித்த வரியில் இருந்த 10-இன் பூஜ்யம் சிறிதாக, முழுக்க மூடியிருந்தது. தொலைபேசி எண்ணில் இரண்டு பூஜ்யங்கள்; ஒன்று மூடியது, மற்றொன்று மேலே திறந்தது. பூஜ்யத்தைச் சில நேரம் மூடாமல் விடுகிற கை என்று தெரிந்த பிறகு ஒப்பீட்டால் பயனில்லை.

சீட்டின் வழக்கமும் இரு பக்கமும் இழுத்தது. இரண்டாம் வரியில் ‘யூனிட்’ என்று தமிழில் முழுதாக எழுதியவர் நான்காம் வரியில் ஆங்கில எழுத்து ஏன் போட வேண்டும்? அடித்த வரியில் வெறும் 10 என்றுதானே இருக்கிறது? இப்படிப் பார்த்தால் 60. விளிம்பில் இடமில்லாததால் சுருக்கினார் என்றால் 6.

காவலாளி வேறு வழியில் வந்தார். “பத்தை அடித்துவிட்டு அறுபது என்று யாராவது ஏற்றுவார்களா, தம்பி? ஆறாகத்தான் இருக்கும்” என்றார். அவர் மனைவிக்குச் சர்க்கரை நோய் உண்டு. பேச்சில் அனுபவம் இருந்தது. எழுத்தர் அதை மறுக்கவில்லை. ஆனால் அது சீட்டில் இருப்பதைப் படிப்பதல்ல, எந்த அளவு பொருத்தம் என்று முடிவு செய்வது. அந்த முடிவுக்கு நோயாளியைத் தெரிந்திருக்க வேண்டும், இன்சுலின் வகையைத் தெரிந்திருக்க வேண்டும். இருவருக்கும் இரண்டும் தெரியாது. படியில் அடைப்பு அப்படியே நின்றது.

இந்தக் குழப்பம் மருத்துவ உலகுக்குப் புதியதல்ல. கையால் எழுதிய யூ எழுத்து பூஜ்யமாகப் படிக்கப்பட்டு இன்சுலின் பத்து மடங்கு ஏறிப்போவது நன்கு அறியப்பட்ட தவறு. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் வெளியிட்ட, பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் இந்த எழுத்து இருக்கிறது. ‘யூனிட்’ என்று முழுச் சொல்லாக எழுத வேண்டும் என்பது விதி. எழுத்தருக்கு அந்த இரவில் இதெல்லாம் தெரியாது. அவர் எழுத்தைப் பார்த்தார், தெரியவில்லை, தெரியவில்லை என்று எழுதினார்.

தொலைபேசி எண்ணை அழைப்பதா

ஒரே ஓர் இலக்கம்தான் குறை. பூஜ்யம் முதல் ஒன்பது வரை போட்டுப் பார்த்தால் ஏதோ ஓர் அழைப்பு சரியான வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று காவலாளி சொன்னார். எழுத்தர் செய்யவில்லை. நள்ளிரவில் ஒன்பது வீடுகளை எழுப்ப வேண்டியிருக்கும் என்பது ஒரு காரணம். எடுத்தவர் சரியான ஆள்தானா என்று அறிய, ‘இன்சுலின் போடுகிறவர் யாராவது உங்கள் வீட்டில் ரயிலில் வந்தார்களா’ என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்க வேண்டியிருக்கும் என்பது இன்னொன்று. ரயிலின் நடத்துநருக்கும் வழியிலுள்ள நிலையங்களுக்கும் பையின் நிறமும் பெட்டி எண்ணும் மட்டும் தெரிவிக்கப்பட்டன.

அழைப்பு

இரவு 12.50-க்கு ஓர் ஆண் அழைத்தார். தாயார் இரண்டு நிலையங்களுக்கு முன்பே இறங்கிவிட்டார், பையை இருக்கைக்குக் கீழே விட்டுவிட்டார், வீடு வந்த பிறகே தெரிந்தது என்றார். அன்று காலைதான் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்திருக்கிறார். பையில் என்னென்ன இருந்தன என்று எழுத்தர் கேட்டார். சால்வையின் நிறம், கண்ணாடியின் சட்டம், ஜிப் உறை மூன்றும் பொருந்தின.

“சார், பை காலையில் வாங்கிக்கொள்கிறோம். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அம்மாவுக்கு இரவு ஊசி இன்னும் போடவில்லை. அளவை மாற்றிவிட்டார்கள், அவருக்கு நினைவில்லை” என்றார் மகன். மருத்துவமனைக் கோப்பு மறுநாள்தான் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் பழைய பேனா ஒன்று இருந்தது. மருமகள் ஊசி முனையைப் பொருத்தித் தயாராக வைத்திருந்தார்.

எழுத்தர் வரி வரியாகப் படித்தார். எண்களை இரு விதமாகவும் சொன்னார்: “ஒன்று, நான்கு. பதினான்கு.” கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். தொலைபேசியில் அறுபதும் எழுபதும் ஒன்றுபோல் ஒலிக்கும், பதினாறும் பதினேழும் அப்படியே. நான்காம் வரி வந்தபோது அவர் சொன்னது பதிவேட்டில் இருக்கிறது: “இரவு என்பதற்கு எதிரே ஆறு இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு குறி. அது பூஜ்யமா, ஆங்கில யூ எழுத்தா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்று ஆறு, இல்லையென்றால் அறுபது. மருத்துவமனையில் கேட்காமல் இதை வைத்து ஊசி போடாதீர்கள்.”

மகன் எரிச்சலடைந்தார். “உங்களுக்கு எது என்று தோன்றுகிறது, அதைச் சொல்லுங்கள்” என்றார். இந்தக் கேள்விக்குத்தான் நான் பயிற்சியில் அதிக நேரம் செலவிடுகிறேன். அக்கறையோடு கேட்கப்படும் கேள்வி அது, பதில் சொல்லாமல் இருப்பது கல்நெஞ்சம்போலத் தோன்றும். எழுத்தருக்கு 6 என்றே தோன்றியது. அதைப் பின்னர் சொன்னார். அப்போது சொல்லவில்லை. ‘ஆறாக இருக்கலாம்’ என்று அவர் சொல்லியிருந்தால், மறுமுனையில் ‘ஆறு’ மட்டுமே கேட்டிருக்கும்.

படம்

சீட்டைப் படம் எடுத்து அனுப்பும்படி மகன் கேட்டார். அடையாளம் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டதால் எழுத்தர் அனுப்பினார். மேசை மேல் விளக்கின் கீழ் எடுத்த படம்.

சிறிது நேரத்தில் மருமகள் அழைத்தார். “படத்தில் அறுபது என்று தெளிவாகத் தெரிகிறதே, சார். நீங்கள் ஏன் ஐயம் என்கிறீர்கள்?” என்றார். எழுத்தர் தாம் அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்தார். அவர் சொன்னது உண்மைதான். மேலிருந்து விழுந்த வெளிச்சத்தில் மடிப்பின் மேடு ஒரு மெல்லிய நிழலைப் போட்டிருந்தது. அந்த நிழல் வளைவின் இரு கைகளையும் மேலே இணைத்துக் கச்சிதமான பூஜ்யமாக்கியிருந்தது. தாளைக் கையில் வைத்துச் சாய்த்துப் பார்ப்பவருக்கு நிழல் நகரும், ஏமாற்றம் தெரிந்துவிடும். படத்தில் நிழல் நகராது. கைப்பேசிப் படம் நிழலையும் மையையும் ஒரே கறுப்பாகக் காட்டும்.

அழைப்பைத் துண்டிக்காமலே எழுத்தர் இன்னும் மூன்று படங்கள் எடுத்தார். கைவிளக்கை இடப்பக்கம், வலப்பக்கம், கீழ்ப்பக்கம் என்று தாழ்த்திப் பிடித்து. இடப்பக்க வெளிச்சத்தில் குறி பூஜ்யமாகவே இருந்தது. வலப்பக்கத்தில் மேலே திறந்துகொண்டது. கீழ்ப்பக்கத்தில் உச்சி வெறும் வெள்ளையாக இருந்தது. மூன்றையும் பார்த்த பிறகு மருமகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டதாக எழுத்தரிடம் சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அளவு மிகையாக இருந்தால் பேனாவே தடுத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். புழக்கத்தில் உள்ள பேனாக்கள் பலவற்றில் ஒரே தடவையில் 60 அல்லது 80 யூனிட் வரை திருகிவைக்க முடியும். அறுபதைத் திருகினால் அறுபதும் போகும். ஆறு போட வேண்டியவருக்கு அறுபது போனால் ரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கும். இரவில் தூக்கத்தில் இறங்கினால் வியர்வையும் நடுக்கமும் அறிகுறியாகத் தெரிந்து யாரையாவது எழுப்பும் என்று நம்பியிருக்க முடியாது.

மருத்துவமனையின் பதில்

மகன் மருத்துவமனையின் பொது எண்ணை அழைத்தார். வார்டுக்கு இணைப்புக் கிடைக்கவே நேரமாயிற்று. பணியில் இருந்த செவிலியர் நோயாளியின் விவரத்தாளை எடுத்துப் பார்த்து, காலை 14, இரவு 6 என்றார். சாப்பிட்டு வெகுநேரம் ஆகிவிட்டதால் அந்த இரவு ஊசி போடலாமா என்பதை அவர் தாமாகச் சொல்லாமல் பணி மருத்துவரிடம் கொடுத்தார். மருத்துவர் முதலில் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லி, அதன்படி வழி சொன்னார். அந்த விவரம் எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, கேட்கவும் இல்லை. மகன் மீண்டும் அழைத்து, 6 என்று உறுதியாகிவிட்டது என்று மட்டும் தெரிவித்தார். எழுத்தர் அதைப் படியில் திருத்தவில்லை. கீழே, நேரத்தோடு, ‘மருத்துவமனை சொன்னதாக உரிமையாளர் தரப்புத் தெரிவித்தது: 6’ என்று சேர்த்தார். சீட்டில் அப்போதும் அந்தக் குறி படிக்க முடியாததாகவே இருந்தது.

மறுநாள் பையை வாங்க வந்த மகனிடமிருந்து மீதி தெரிந்தது. சீட்டை எழுதியவர் உரிமையாளரல்ல, மருத்துவமனையில் துணைக்கு இருந்த அவருடைய அக்காள். வயதைப் பற்றிய எழுத்தரின் ஊகம் சரி, ஆள் வேறு. முதலில் செவிலியர் வாயால் சொன்னதைக் கேட்டு இரவு 10 என்று எழுதியிருக்கிறார். அது பழைய அளவு. பிறகு செவிலியர் கட்டில் அருகே இருந்த விவரத்தாளைக் காட்டித் திருத்தியபோது, அதில் இருந்ததைப் பார்த்து அப்படியே வரைந்திருக்கிறார். காதால் கேட்ட வரிகளில் தமிழ்ச் சொல்லோ வெறும் எண்ணோ இருந்ததும், கண்ணால் பார்த்த வரியில் மட்டும் ஆங்கில எழுத்து வந்ததும் இப்படித்தான். சீட்டுக்குள்ளிருந்தே இதைக் கண்டுபிடிக்க எந்த வழியும் இருந்திருக்காது.

பிறகு மாற்றியவை

பதிவேட்டில் படிக்கு ஒரு பக்கம், ஊகத்துக்கு எதிர்ப்பக்கம் என்று பிரித்துவிட்டோம். முன்பு இரண்டும் ஒரே கட்டத்தில் இருந்தன. இந்த எழுத்தர்தான் தாமாகக் கோடு போட்டுப் பிரித்திருந்தார். படம் அனுப்ப வேண்டி வந்தால் ஒரே படமாக அனுப்பக் கூடாது. குறைந்தது இரு எதிர்த்திசைகளிலிருந்து வெளிச்சம் விழுமாறு எடுத்து, சேர்த்தே அனுப்ப வேண்டும். பிரித்த சீட்டை மறுபடி மடிக்காமல் ஒளிபுகும் உறையில் இட்டுப் பையோடு வைக்கிறோம். ஒருமுறை விரிந்த மடிப்பு மீண்டும் மடிந்தால் இன்னும் கொஞ்சம் மை போகும்.

மருந்தின் அளவு எழுதிய சீட்டைத் தொலைபேசியில் படிக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. படிக்கவே கூடாது, மருத்துவமனையைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றது ஒரு தரப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. படிக்க மறுத்தால் அந்த வீட்டில் பழைய அளவையே போட்டிருப்பார்கள். அதோடு, ‘பழய சீட்டு பாக்க வேண்டாம்’ என்ற ஐந்தாம் வரி தெளிவாகவே இருந்தது; அளவு மாறிவிட்டது என்பதை உறுதிப்படுத்தியதும், மருத்துவமனைக்கு அழைக்கத் தூண்டியதும் அதுதான் என்று மகன் சொன்னார். ஆகவே படிக்கலாம் என்றே முடிவாயிற்று. ஆனால் ஐயமான இடம் இருந்தால், வரக்கூடிய எல்லா வாசிப்புகளையும் சொல்ல வேண்டும், எது இருக்கும் என்று சொல்லக் கூடாது, சிகிச்சை தரும் மருத்துவமனையில் கேட்காமல் அளவைப் பயன்படுத்த வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

படியெடுப்பதையே விட்டுவிட்டுப் படங்களை மட்டும் சேமித்தால் போதும் என்ற யோசனையும் வந்தது. முதல் படம் மருமகளுக்கு எதைக் காட்டியது என்பதை எடுத்துச் சொன்ன பிறகு அது கைவிடப்பட்டது.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. உரிமையாளர் பையை வாங்கிக்கொண்டு போன பிறகும் அவருடைய மருந்தளவு எங்கள் பதிவேட்டில் எங்கள் கையெழுத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அழிக்க வேண்டும் என்பது என் கருத்து. பின்னாளில் புகார் வந்தால் என்ன படித்துச் சொன்னோம் என்பதற்கு அதுவே சான்று என்று கணக்குப் பிரிவு சொல்கிறது. இப்போதைக்கு அந்தப் பக்கங்கள் முத்திரையிட்ட உறையில் தனியாக வைக்கப்பட்டிருக்கின்றன.